பப்பாளி மீது விழுந்த பழி

வாசகியின் கடிதம்

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 27. திண்டுக்கல் பக்கத்தில் கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறேன். சென்ற ஆண்டு முதல் முறையாகக் கருவுற்றேன். எனக்கு மாதவிடாய் 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும். கடைசி மாதவிடாய் தொடங்கியதிலிருந்து 33ஆம் நாள் வீட்டில் சோதித்தபோது இரண்டு கோடுகள் தெரிந்தன. 59ஆம் நாள் ஒரு விருந்தில் பழுத்த பப்பாளி நான்கைந்து துண்டுகள் சாப்பிட்டேன். 62ஆம் நாள் உதிரப்போக்கு. மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். கருவின் நீளம் 8 மில்லிமீட்டர், 6 வாரம் 5 நாள் வளர்ச்சி, இதயத்துடிப்பு இல்லை என்று அறிக்கையில் இருந்தது. "பப்பாளியைத் தின்று கருவைக் கலைத்துவிட்டாள்" என்று அத்தை இன்றுவரை சொல்கிறார்.

இப்போது மறுபடியும் 15 வாரம். 12ஆம் வார ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். பப்பாளி, அன்னாசி, எள், பேரீச்சை, கருப்புத் திராட்சை, கத்தரிக்காய், முட்டை எதையும் வீட்டில் தருவதில்லை. ஹீமோகுளோபின் 9.4. இரும்புச்சத்து மாத்திரை சூடு, மலச்சிக்கல் வருகிறது என்று நிறுத்திவிட்டேன். பதிலுக்கு மாதுளைச் சாறும் பீட்ரூட் சாறும் குடிக்கிறேன், அது போதும்தானே? பத்து நாளுக்கு முன் அக்கா வீட்டில் பழக்கலவை சாப்பிட்டேன். அதில் அன்னாசி இருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து தூக்கமில்லை. என் முதல் குழந்தையை நான்தான் கொன்றேனா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

மகப்பேறு மருத்துவரின் பதில்

கடிதத்தின் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், அம்மா. இல்லை. நீங்கள் கொல்லவில்லை, பப்பாளியும் கொல்லவில்லை. உங்களைத் தேற்றுவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியிருக்கும் தேதிகளையும் அளவையும் வைத்தே சொல்ல முடிகிறது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு என்னுடன் சேர்ந்து கணக்குப் போடுங்கள்.

ஸ்கேன் எடுத்த அன்று, கடைசி மாதவிடாயிலிருந்து 63 நாட்கள், அதாவது சரியாக 9 வாரங்கள் ஆகியிருந்தன. 9 வாரக் கரு உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தால் ஏறத்தாழ 23 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். உங்கள் கரு 8 மில்லிமீட்டர்தான் இருந்தது. அது 6 வாரம் 5 நாள் வளர்ச்சி, நாளில் சொன்னால் 47 நாட்கள். அந்தப் பருவத்தில் கரு நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு நீளும். வளர்ச்சி நின்ற பிறகு நீளம் கூடாது. ஆகவே அந்தக் கருவின் வளர்ச்சி 47ஆம் நாள் வாக்கில் நின்றுவிட்டது. நீங்கள் பப்பாளி சாப்பிட்டது 59ஆம் நாள். இடையில் 12 நாட்கள் இருக்கின்றன.

"ஒருவேளை அந்த மாதம் கரு தாமதமாக உருவாகியிருந்தால்?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கும் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. 33ஆம் நாளே இரண்டு கோடுகள் தெரிந்திருக்கின்றன. கரு உருவாகிக் குறைந்தது 10 நாட்களாவது ஆனால்தான் சிறுநீர்ச் சோதனையில் தெரியும். எனவே எவ்வளவு தாமதமாக வைத்துக்கொண்டாலும் 23ஆம் நாளைத் தாண்டிக் கரு உருவாகியிருக்க முடியாது. வழக்கமான 14ஆம் நாளோடு ஒப்பிட்டால் அதிகபட்சத் தாமதம் 9 நாட்கள். அதைக் கூட்டினாலும் வளர்ச்சி நின்றது 56ஆம் நாள். அப்போதும் விருந்துக்கு மூன்று நாட்கள் முந்திவிடுகிறது.

இத்தனை குடும்பங்களில் பழங்கள் மேல் பழி விழுவதற்குக் காரணமே இந்த இடைவெளிதான். கரு நிற்கும் நாள் ஒன்று, ரத்தம் வரும் நாள் வேறொன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு வாரம் போகலாம், இரண்டு மூன்று வாரங்களும் போகலாம். அந்த நாட்களில் தாய்க்கு எதுவும் தெரியாது. வழக்கம்போல் சாப்பிடுவாள், மாடிப்படி ஏறுவாள், பஸ்ஸில் ஊருக்குப் போய் வருவாள். ரத்தத்தைக் கண்டதும் வீட்டில் எல்லோரும் முந்தைய இரண்டு மூன்று நாட்களைத் துழாவுகிறார்கள். அங்கே ஒரு பப்பாளித் துண்டு அகப்பட்டுவிடுகிறது. அதே வாரத்தில் நீங்கள் சாப்பிட்ட இட்லியை யாரும் சந்தேகிப்பதில்லை.

உறுதியான கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை தொடக்க மாதங்களில் கலைகின்றன. முதல் மூன்று மாதங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறையப் பாதியில், கரு உருவாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கையில் பிழை நேர்ந்திருக்கிறது. முட்டையும் விந்தணுவும் சேர்ந்த அந்தக் கணத்தில் முடிவான ஒன்றை, ஒன்பதாவது வாரத்தில் தட்டில் வைக்கும் எந்தப் பழமும் உண்டாக்க முடியாது. எந்தப் பத்தியமும் தடுத்திருக்கவும் முடியாது.

பப்பாளி: காயும் பழமும் ஒன்றல்ல

உங்கள் அத்தை இந்தப் பயத்தைத் தானாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு வேர் உண்டு. பப்பாளிக்காயைக் கீறினால் வடியும் வெள்ளைப் பாலைப் பார்த்திருப்பீர்கள். தோலில் பட்டால் அரிக்கும், புண்ணாக்கும். முற்றிய ஆட்டுக்கறியில் தடவி வைத்தால் கறி மெத்தென்று ஆகிவிடும். அந்தப் பாலில் உள்ள பப்பாயின், கைமோபப்பாயின் என்னும் நொதிகள் புரதத்தைச் சிதைப்பவை. கறியையே கரைக்கும் பால் வயிற்றுக்குள் கருவை என்ன செய்யுமோ என்று பெண்கள் அஞ்சியதில் வியப்பில்லை. வேண்டாத கர்ப்பத்தைக் கலைக்க அந்தப் பாலைப் பயன்படுத்தும் வழக்கமும் பல ஊர்களில் இருந்திருக்கிறது.

இதை முறையாகச் சோதித்தவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். ஆசியப் பெண்களிடம் பரவலாக இருக்கும் இந்த நம்பிக்கை உண்மையா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கருவுற்ற எலிகளுக்குப் பழுத்த பப்பாளியை அரைத்துக் கொடுத்தார்கள். கருக்களின் எண்ணிக்கை குறையவில்லை, வேறு பாதிப்பும் தெரியவில்லை. அடுத்து, எலியின் கர்ப்பப்பைத் தசையைத் தனியே எடுத்துக் கரைசலில் தொங்கவிட்டு, அதன் மேல் பழச்சாற்றைச் சேர்த்துப் பார்த்தார்கள். தசை சுருங்கவில்லை. பப்பாளிக்காயின் பாலைச் சேர்த்தபோது மட்டும் பலமாகச் சுருங்கியது. பிரசவ வலியைத் தூண்ட நாங்கள் ஊசியில் ஏற்றும் ஆக்ஸிடோசின் எப்படிச் சுருங்கவைக்குமோ, அதைப் போலவே.

எனவே நான் இரண்டு கோடுகளைப் போடுகிறேன். நன்றாகப் பழுத்த பப்பாளி சாப்பிடலாம். காயையும் செங்காயையும் கர்ப்பக் காலம் முடியும்வரை தவிர்த்துவிடுங்கள். இரண்டாவது கோட்டை முன்னெச்சரிக்கையாகத்தான் போடுகிறேன். தசை மேல் நேரடியாக ஊற்றிய பாலும், வாய் வழியாகப் போய் இரைப்பை அமிலத்தில் சிதைந்த பாலும் ஒன்றல்ல. சமைக்கும் சூட்டில் அந்த நொதிகள் செயலிழந்தும் போகும். பிரியாணிக் கறியில் சிறிது பப்பாளிக்காய் தடவியிருந்தார்கள் என்றோ, திருமணப் பந்தியில் பப்பாளிக்காய்க் கூட்டு இருந்தது என்றோ பிறகு தெரியவந்தால் பதறி ஓட வேண்டியதில்லை. ஆனால் காய்கறிக் கடையில் வேறு காய்களுக்கு என்ன குறை? ஒன்பது மாதம் அதை வாங்காமல் இருப்பதில் யாருக்கும் இழப்பில்லை.

பழம் பழுத்ததா என்பதைத் தோலின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். செயற்கையாகப் பழுக்கவைத்த பப்பாளி வெளியே மஞ்சளாகவும் உள்ளே காயாகவும் இருக்கும். காம்புப் பக்கம் விரலால் அழுத்தினால் சற்று அமுங்க வேண்டும். தோலை லேசாகக் கீறினால் வெள்ளைப் பால் துளிர்க்கக் கூடாது. வெட்டினால் தோல் வரைக்கும் ஆரஞ்சு நிறமாக இருக்க வேண்டும். தோலை ஒட்டி வெளிறிய பச்சை வளையம் தெரிந்தாலும், கத்திக்குக் கடினமாக இருந்தாலும் எடுத்து வைத்து இரண்டு நாள் கழித்து வெட்டுங்கள். பழுக்கப் பழுக்கப் பால் வற்றிப்போகும் என்பதுதான் இந்தச் சோதனைகளின் அடிப்படை. ரப்பர் கையுறை பட்டால் உங்களுக்குத் தடிப்போ அரிப்போ வரும் என்றால் மட்டும், பழத்தைத் தொடும் முன் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரப்பர் ஒவ்வாமை உள்ள சிலருக்குப் பப்பாளியும் வாழைப்பழமும்கூட ஒத்துக்கொள்வதில்லை.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. பப்பாளி கலைத்துவிடும் என்று அஞ்சுகிறவர்களைப் போலவே, கலைத்துவிடும் என்று நம்பி இருக்கிறவர்களும் என்னிடம் வருகிறார்கள். வீட்டில் சொல்ல முடியாத ஒரு பெண் வாரக்கணக்கில் பப்பாளிக்காயும் எள்ளுருண்டையும் தின்று காத்திருந்து, வயிறு தெரியத் தொடங்கிய பிறகு மருத்துவமனைக்கு வருகிறாள். கர்ப்பம் அப்படியே இருக்கிறது. ஏழாவது வாரத்தில் மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியது, ஐந்தாம் மாதத்தில் ஆபத்து கூடிய சிகிச்சையாகிவிடுகிறது. இதைப் படிக்கும் வேறு எந்தப் பெண்ணாவது அந்த நிலையில் இருந்தால் அவருக்குச் சொல்கிறேன்: 1971ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டம், 2021இல் திருத்தப்பட்ட வடிவில், சட்டம் வகுத்த காரணங்கள் இருந்தால் 20 வாரம் வரை தகுதி பெற்ற ஒரே மருத்துவரின் கருத்தோடு கலைக்க அனுமதிக்கிறது. பதினெட்டு வயது நிரம்பியவருக்குக் கணவரின் கையெழுத்தோ பெற்றோரின் கையெழுத்தோ தேவையில்லை. பழத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

அன்னாசி

பத்து நாளுக்கு முன் சாப்பிட்ட அன்னாசியை நினைத்து விழித்திருக்கும் இரவுகளை இன்றோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அன்னாசி மேல் உள்ள குற்றச்சாட்டும் ஒரு நொதியின் பெயரால்தான். அது புரோமெலைன். அது அதிகம் இருப்பது அன்னாசிச் செடியின் தண்டில். மருந்துக் கடையில் விற்கும் புரோமெலைன் மாத்திரைகள் அந்தத் தண்டிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. நாம் சாப்பிடும் சதையில் அது குறைவு. அதிலும் பெரும்பகுதி இரைப்பையில் சிதைந்துபோகிறது. டப்பாவில் அடைத்த அன்னாசியிலும் அன்னாசி கேசரியிலும் சூடு பட்டதால் நொதி அறவே வேலை செய்யாது. ஆய்வுக்கூடத்தில் கர்ப்பப்பைத் தசையைத் தனியே எடுத்து, அன்னாசியின் சாரத்தை அதன் மேல் ஊற்றினால் தசை சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பெண் வாயால் மென்று விழுங்கிய அன்னாசி அவளுடைய கர்ப்பப்பையை அப்படிச் சுருங்கச் செய்ததற்கு ஆதாரம் கிடையாது. பிரசவ நாள் தாண்டிய பெண்கள் வலி வர வேண்டும் என்று அன்னாசியை உண்ணும் நாடுகள் இருக்கின்றன. அங்கும் அதை நம்பி எந்த மருத்துவரும் பிரசவ அறையைத் தயார் செய்வதில்லை.

பழக்கலவையில் உங்களுக்கு வந்தது நான்கு துண்டோ ஐந்து துண்டோ. இந்தப் பத்து நாளில் ரத்தமோ வலியோ இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. 12ஆம் வாரத்தில் கரு துடிப்போடு, சரியான வளர்ச்சியோடு இருந்திருக்கிறது. அந்தக் கட்டத்தைத் தாண்டிய பிறகு கரு கலையும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடுகிறது. அந்த ஒன்றிரண்டும் அன்னாசியால் வருவதில்லை.

அன்னாசியில் நான் கவனிக்கச் சொல்வது வேறு இரண்டு. அதன் புளிப்பு நெஞ்செரிச்சலைக் கூட்டும். கர்ப்பப்பை மேலே ஏறும் ஆறாம் மாதத்துக்குப் பிறகு அது பெரிய தொல்லையாக மாறலாம். மற்றொன்று சர்க்கரை. நம் தமிழ்நாட்டில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை பார்க்கிறோம். 140க்குக் கீழே இருந்தால் ஒரு கிண்ணம் அன்னாசியோ மாம்பழமோ சாப்பிடலாம். 140ஐத் தொட்டாலோ தாண்டினாலோ, எந்தப் பழம் எவ்வளவு என்பதை அப்போது மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கும். முதல் முறை சரியாக இருந்தாலும் 24 வாரத்துக்குப் பிறகு இந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். தவறவிடாதீர்கள்.

வீட்டில் தராத மற்றவை

இவற்றுக்கு அதிக நேரம் தேவையில்லை. எள் 'சூடு' என்பதால் கரு கலைந்ததாக எந்தச் சான்றும் இல்லை. அதில் கால்சியம் ஏராளம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இட்லிக்கு எள்ளுப்பொடி தொட்டுக்கொள்வதில் ஒரு தவறும் கிடையாது. கருப்புத் திராட்சையோ கத்தரிக்காயோ குழந்தையின் தோல் நிறத்தைத் தொடாது. குங்குமப்பூவும் அப்படித்தான். நிறம் பெற்றோரின் மரபணுவில் முடிவாகிவிட்டது. முட்டையை நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. நன்றாக வேகவைத்த ஒரு முட்டை, உங்கள் வீட்டில் இன்று உங்களுக்குக் கிடைக்கும் உணவுகளிலேயே சிறந்த புரதமாக இருக்கும்.

இப்போது அவசரமானது உங்கள் ரத்தம்

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது பப்பாளியோ அன்னாசியோ அல்ல. 9.4 என்ற எண்ணும், மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்ற வரியும்தான்.

கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தால் ரத்தசோகை. 7 முதல் 9.9 வரை நடுத்தர அளவு ரத்தசோகை, நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். இதே நிலையில் பிரசவத்துக்குப் போனால், மற்ற பெண்கள் தாங்கிக்கொள்ளும் அளவு ரத்தப்போக்கே உங்களுக்கு உயிராபத்தாகலாம். குழந்தை எடை குறைந்தோ மாதம் நிறையாமலோ பிறக்கும் வாய்ப்பும் கூடுகிறது. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பழத்துக்கு அஞ்சுகிற வீடுகளில் இந்த எண்ணுக்கு யாரும் அஞ்சுவதில்லை என்பது எனக்கு ஆறாத மனவருத்தம்.

மாதுளைச் சாறும் பீட்ரூட் சாறும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நினைக்கத் தோன்றும். 100 கிராம் மாதுளையில் இரும்புச்சத்து அரை மில்லிகிராம்கூட இல்லை. பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. அரசு மருத்துவமனையில் தரும் ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் அதில் ஒரு சிறு பங்கைத்தான் உறிஞ்சும் என்றாலும், சாறு அதற்கு ஈடாகவே முடியாது. சாற்றைக் குடியுங்கள், ஆனால் அதை மருந்தாக எண்ண வேண்டாம். பேரீச்சையும் அப்படியே. சாப்பிடலாம், அதனால் கரு கலையாது. ஆனால் அது மட்டும் உங்கள் 9.4ஐ 11 ஆக்காது.

உங்கள் அளவுக்குப் பொதுவாக ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரைகள் தருவது வழக்கம். உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் நிறுத்தியதைச் சொல்லி, எத்தனை என்று கேட்டுத் தொடங்குங்கள். உணவுக்குப் பிறகு எடுத்தால் வயிற்றைப் புரட்டுவது குறையும். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீயும் காபியும் பாலும் வேண்டாம், அவை இரும்பை உடலில் சேரவிடாது. கால்சியம் மாத்திரையை அதே வேளையில் போடாமல் இரண்டு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். மலம் கறுத்துப் போகும். அது மாத்திரையின் நிறம்தான், 'சூடு' இல்லை. முதல் வாரம் ஒரே மாத்திரையோடு தொடங்கி, உடல் பழகியதும் இரண்டாக்கலாமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

மலச்சிக்கலுக்கு நான் எழுதித்தரும் முதல் மருந்து என்ன தெரியுமா? காலையில் இரண்டு தம்ளர் வெந்நீர், மதியம் ஒரு கீரை, மாலையில் ஒரு கிண்ணம் நன்கு பழுத்த பப்பாளி. ஒரு கிண்ணம் என்றால் சுமார் 150 கிராம். கர்ப்பிணிக்கு ஒரு நாளுக்குத் தேவையான வைட்டமின் சி 80 மில்லிகிராம். அந்த ஒரு கிண்ணத்திலேயே அது ஏறத்தாழக் கிடைத்துவிடும். உணவோடோ மாத்திரையோடோ வைட்டமின் சி சேர்ந்தால் இரும்பு கூடுதலாக உடலில் சேரும். பப்பாளியை வீட்டுக்குள் கொண்டுவருவது இப்போதைக்கு நடக்காது என்றால் கொய்யாவைக் கேளுங்கள். அதில் வைட்டமின் சி இன்னும் அதிகம், மலச்சிக்கலுக்கும் உதவும், அதன் மேல் யாரும் பழி சொல்வதில்லை. நான் பப்பாளிக்காக வாதாட வரவில்லை. நீங்கள் அதைச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பயத்தால் உங்கள் தட்டு காலியாகக் கூடாது என்பதே என் கவலை.

ஒழுங்காக மாத்திரை போட்டால் நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய 1 கிராம் ஏற வேண்டும். மறுபடி சோதித்து 10.3, 10.4 என்று வந்தால் சரியான பாதையில் போகிறீர்கள். ஏறவே இல்லையென்றால் காரணம் தேட வேண்டும்: குடற்புழுவா, வைட்டமின் பி12 குறைவா, தலசீமியா என்னும் பரம்பரைக் குறைபாட்டின் சாயலா என்று. அரசு மருத்துவமனையில் இரண்டாம் பருவத்தில் தரும் பூச்சி மாத்திரையை வாங்கிவிட்டீர்களா என்று பாருங்கள். தேவைப்பட்டால் இரும்பை நரம்பு வழியாக ஏற்றும் வழியும் இருக்கிறது. இன்னொன்று: அரிசி, சாம்பல், செங்கல் பொடி தின்ன ஆசை வருகிறதா? வந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பெரும்பாலும் இரும்புக் குறைவின் அறிகுறி.

உண்மையிலேயே அஞ்ச வேண்டியவை

நீங்கள் அக்கா வீட்டில் சாப்பிட்ட பழக்கலவை வீட்டில் வெட்டியது. அதில் எனக்குப் பயமில்லை. பேருந்து நிலையத்தில் வெட்டித் திறந்து வைத்திருக்கும் அன்னாசித் துண்டுகளிலும், எங்கிருந்தோ வந்த ஐஸ்கட்டி போட்ட பழச்சாற்றிலும் எனக்குப் பயம் உண்டு. அழுக்குத் தண்ணீர் வழியே பரவும் மஞ்சள்காமாலை வகைகளில் ஹெபடைடிஸ் இ என்பது ஒன்று. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். கடைசி மூன்று மாதங்களில் இருக்கும் கர்ப்பிணிக்கு வந்தால், ஐந்தில் ஒருவர் வரை உயிரிழக்க நேரிடுகிறது. அன்னாசியைப் பற்றி இத்தனை தலைமுறையாகச் சொன்ன எச்சரிக்கையில் ஒரு பங்கு, அதைக் கழுவிய தண்ணீரைப் பற்றிச் சொல்லியிருந்தால் எத்தனையோ பெண்கள் பிழைத்திருப்பார்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் குடியுங்கள். முழுப் பழமாக வாங்கி வீட்டில் கழுவி வெட்டுங்கள்.

பாலை எப்போதும் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். மாட்டுக்காரர் கறந்து தரும் பச்சைப் பால் வழியாக வரும் கிருமிகளில் கருவைத் தாக்குபவையும் உண்டு. அரைவேக்காட்டு முட்டையும் சரியாக வேகாத கறியும் வேண்டாம். யாராவது 'கர்ப்பப்பைக்கு நல்லது' என்று தரும், பெயர் தெரியாத கஷாயத்தை வாங்காதீர்கள்.

ரத்தம் ஊற வேண்டும் என்று உங்கள் வீட்டில் ஆட்டு ஈரல் வறுத்துத் தரக்கூடும். ஈரலில் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் அதில் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ மிக அதிகம். 100 கிராம் ஆட்டு ஈரலில், கர்ப்பிணிக்கு ஒரு நாள் உச்ச வரம்பான 3,000 மைக்ரோகிராமைப் போல் இரு மடங்குக்கும் மேல் இருக்கிறது. அளவு மீறிய ரெட்டினால் கருவின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதங்களில் ஊனத்தை உண்டாக்கக்கூடியது. அந்தக் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டாலும் அதை வழக்கமாக்க வேண்டாம். எப்போதாவது இரண்டு சிறு துண்டுகள் போதும். பப்பாளியின் ஆரஞ்சு நிறத்துக்குக் காரணமான கரோட்டின் இந்த வகைத் தீங்கைச் செய்வதில்லை. உடல் தனக்குத் தேவையான அளவு மட்டுமே அதை வைட்டமினாக மாற்றிக்கொள்ளும்.

இவை தவிர, எந்த உணவைச் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும், ரத்தமோ நீர் போன்ற கசிவோ வந்தாலும், வயிறு விட்டு விட்டு இறுகி வலித்தாலும், குளிரோடு காய்ச்சல் அடித்தாலும், கண்ணோ சிறுநீரோ மஞ்சளானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அந்த நேரத்தில் என்ன தின்றாய் என்ற விசாரணையில் ஒரு மணி நேரமும் போகக் கூடாது.

அத்தையிடம் எப்படிப் பேசுவது

உங்கள் அத்தையோடு பப்பாளியைப் பற்றி வாதிடாதீர்கள். அவரும் ஒரு பேரக்குழந்தையை இழந்தவர். காரணம் தெரியாத துக்கத்தைவிடக் காரணம் தெரிந்த கோபம் அவருக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கலாம். அதற்காக அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதை இறக்கிவைக்கும் வேலையை உங்கள் கணவரும் மருத்துவரும் செய்யட்டும் என்கிறேன்.

முதலில் உங்கள் கணவரோடு உட்கார்ந்து, பழைய ஸ்கேன் அறிக்கையை எடுத்து, மேலே போட்ட கணக்கை அவரிடம் காட்டுங்கள். 47 என்றும் 59 என்றும் இரண்டு எண்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பரிசோதனைக்கு அத்தையையும் அழைத்துப் போங்கள். இந்த அறிக்கையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். கரு எப்போது நின்றது என்பதை மருத்துவரே அத்தையின் முன்னால் சொல்லட்டும். நீங்கள் சொன்னால் எதிர்வாதமாகக் கேட்கும், வெள்ளைக் கோட்டு சொன்னால் செய்தியாகக் கேட்கும். அப்படியே குழந்தையின் இதயத்துடிப்பை அவர் காதால் கேட்கச் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். 15 வாரத்தில் அந்தச் சிறு கருவியில் அது நன்றாகக் கேட்கும்.

மாத்திரையை மட்டும் அந்தப் பரிசோதனை நாள்வரை தள்ளிப்போட வேண்டாம். நாளைக் காலையிலேயே உங்கள் மருத்துவரையோ கிராமச் சுகாதாரச் செவிலியரையோ அழைத்து அளவைக் கேட்டு, நாளை இரவிலிருந்தே தொடங்கிவிடுங்கள். நான்கு வாரம் கழித்து வரும் எண்ணை எனக்கு எழுதுங்கள்.